ஆண்டுச் சந்தா வாங்கும் மென்பொருள் கம்பெனிகள் நோட்டீஸில் மாட்டும் இடங்கள்

கஸ்டமர் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டார். அதில் பாதி வருடம்தான் இந்த நிதியாண்டில் ஓடியிருக்கிறது. மீதிப் பாதி இன்னும் உங்கள் வருமானம் இல்லை, நீங்கள் செய்து கொடுக்க வேண்டிய வேலைக்கான கடன். இதைக் கணக்கில் ஒத்திவைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இந்த உரிமையைச் சரியாகப் பயன்படுத்திய சிறு கம்பெனிகளுக்கே நோட்டீஸ் வருகிறது. பயந்துபோய் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டப் பின்னணி சுருக்கமாக: பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கும், நிகர மதிப்பு 250 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளுக்கும் வருமானத்தை எப்போது காட்டுவது என்று சொல்லும் இண்ட் ஏஎஸ் 115 என்ற கணக்குத் தரம் பொருந்தும். மற்ற கம்பெனிகளுக்குப் பழைய ஏஎஸ் 9. வருமான வரிக் கணக்குக்கு ஐசிடிஎஸ் 4 என்ற தனித் தரம். குறிப்பிட்ட காலம் முழுக்கத் தொடர்ந்து கிடைக்கும் சேவையின் வருமானத்தை அந்தக் காலத்துக்குச் சமமாகப் பரப்பிக் காட்டலாம் என்று அதிலும் இருக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும் கவனியுங்கள். நீங்கள் தனிநபராகத் தொழில் செய்து, பணம் வரும்போது வரவு வைக்கும் முறையில் கணக்கு எழுதினால் ஒத்திவைப்பு கிடையாது. பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் பாதியை மட்டும் காட்டிவிட்டுப் பின்னால் அவதிப்படுகிறார்கள்.

ஒரு உதாரணத்தை வைத்துப் போவோம். 20 பேர் பயன்படுத்தும் சந்தா, ஆளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். 2024 அக்டோபர் 1 முதல் 2025 செப்டம்பர் 30 வரை. இன்வாய்ஸ் 1,20,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 21,600, மொத்தம் 1,41,600. 2025 மார்ச் 31 அன்று ஆறு மாதம் ஓடியிருக்கிறது. ஆக வருமானம் 60,000. மீதி 60,000 இருப்புநிலைக் குறிப்பில் 'முன்கூட்டிப் பெற்ற வருமானம்' என்று பொறுப்புப் பக்கம் போகும். முதல் தப்பு இங்கேயே நடக்கும். 1,41,600-ஐ இரண்டாக வகுத்து 70,800 என்று ஒத்திவைக்கிறார்கள். ஜிஎஸ்டி உங்கள் பணமே இல்லை, அதை ஒத்திவைக்கவும் முடியாது. பொருள் விற்பவருக்கு முன்பணத்தின் மேல் ஜிஎஸ்டி இல்லை என்ற சலுகை உண்டு, சேவைக்கு அது கிடையாது. இன்வாய்ஸ் போட்ட அக்டோபர் மாதக் கணக்கிலேயே முழு 21,600-உம் போய்விட வேண்டும்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். ஜிஎஸ்டி பார்வையில் 2024-25இல் உங்கள் விற்பனை 1,20,000, அடுத்த ஆண்டு பூஜ்யம். கணக்குப் புத்தகத்தில் இந்த ஆண்டு 60,000, அடுத்த ஆண்டு 60,000. எனவே முதல் ஆண்டில் வருமான வரித்துறை கேட்கும்: ஜிஎஸ்டியில் 1,20,000 காட்டியிருக்கிறீர்கள், ரிட்டர்னில் ஏன் பாதி? இரண்டாம் ஆண்டில் ஜிஎஸ்டி ஆபீஸ் கேட்கும்: புத்தகத்தில் 60,000 வருமானம் இருக்கிறது, ஜிஎஸ்டி எங்கே? இரண்டு துறையும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கேட்காது. அவர்களுக்கு நடுவில் தபால்காரர் வேலை பார்ப்பது நீங்கள்தான்.

வியாபாரம் வளர்ந்துகொண்டே போகும்வரை ஜிஎஸ்டி ஆபீஸ் சத்தமில்லாமல் இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக ஒத்திவைக்கும் தொகை, பழையதை விட அதிகமாக இருப்பதால் ஜிஎஸ்டி விற்பனை புத்தக வருமானத்தை விடக் கூடுதலாகவே தெரியும். விற்பனை படுத்த வருடம்தான் இது தலைகீழாகும். சம்பளம் கொடுக்கவே முழி பிதுங்கும் நேரத்தில் வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு ASMT-10 நோட்டீஸ் வந்து நிற்கும்.

ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டினால், புத்தகத்தையும் ஜிஎஸ்டி ரிட்டர்னையும் ஒப்பிடும் GSTR-9C படிவத்தைத் தாக்கல் செய்கிறீர்கள். இதற்கான இடம் அதிலேயே இருக்கிறது. வரி கட்டியும் வருமானமாக எடுக்காத முன்பணம், ஆண்டு முடிவில் 5C கட்டத்தில் கூடும். அடுத்த ஆண்டு அதே தொகை 5I கட்டத்தில் கழியும். பல பேர் எல்லா வித்தியாசத்தையும் 5O கட்டத்தில் ஒரே எண்ணாகக் கொட்டிவிடுகிறார்கள். ஆனால் இரண்டு வருடம் கழித்து ஒரு அதிகாரி கேட்கும்போது அந்த எண் எப்படி வந்தது என்று உங்கள் ஆபீஸில் யாருக்கும் நினைவிருக்காது. 5 கோடிக்குக் கீழே இருப்பவர்களும் இந்தப் பட்டியலைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் வந்தால் ASMT-11 படிவத்தில் பதில் கொடுக்க அதிகபட்சம் 30 நாள். இன்வாய்ஸ் எண், அதற்கு ஜிஎஸ்டி கட்டிய மாதம், எந்த மாதங்களில் வருமானமாக எடுத்தீர்கள் என்ற மூன்றும் ஒரே வரிசையில் வரும்படி பட்டியல் இணையுங்கள். "வித்தியாசத்தைக் கட்டிட்டா ஃபைலை மூடிடலாம் சார்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஏற்கனவே கட்டிய 21,600-இன் பாதியை மறுபடி கட்டச் சொல்கிறார்கள், வட்டியோடு.

அடுத்தது டிடிஎஸ், அதாவது கஸ்டமர் பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி. உங்கள் கஸ்டமர் 10 சதவீதம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி நீங்கலாக 1,20,000-க்கு 12,000 பிடித்து, முழுவதும் 2024-25இன் வரிப்பிடிப்பு அறிக்கையான 26AS-இல் வந்துவிடும். நீங்கள் வருமானம் காட்டுவது 60,000. இந்த ஆண்டே 12,000-உம் கேட்டால் சிக்கல். வருமான வரி விதி 37BA-இன்படி, வருமானம் எந்த ஆண்டில் வரிக்கு வருகிறதோ அந்த ஆண்டில்தான் அதற்கான டிடிஎஸ் வரவு. எனவே 6,000-ஐ இப்போது எடுத்து, ரிட்டர்னின் டிடிஎஸ் அட்டவணையில் மீதி 6,000-ஐ அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த ஆண்டு உங்கள் 6,000-ஐ முன்பின் தெரியாத பணமாகப் பார்ப்பார்கள். திருத்த மனு போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதுவரை ஒப்பந்தம் அப்படியே ஓடியது. நிஜத்தில் பாதியிலேயே மாறும், ஆடிட்டர் முதலில் கை வைப்பதும் அங்கேதான். எளிய மாற்றம்: ஜனவரி 1இல் இன்னும் 10 பேரைச் சேர்க்கிறார், அதே விலைதான், ஆளுக்கு மாதம் 500 ரூபாய், ஒன்பது மாதத்துக்கு 45,000. விலைப்பட்டியல் விலையில் கூடுதல் சேவை என்பதால் இது தனி ஒப்பந்தம். பழைய பதிவைத் தொடாமல் புதுப் பதிவு எழுதினால் போதும். பல ஆபீஸ்களில் எக்செல்லில் 20-ஐ அழித்து 30 என்று போடுகிறார்கள். உடனே அக்டோபரிலிருந்தே 30 பேர் இருந்த மாதிரி எல்லாம் மாறிவிடும். ஆடிட்டர் மறுகணக்கு போடும்போது மார்ச் 31 இருப்பு பொருந்தாது.

கஷ்டமான மாற்றம் வேறு. அந்த 10 பேரை விட்டுவிடுவோம், முதல் 20 பேரை மட்டும் பார்ப்போம். 2025 ஏப்ரல் 1இல் கஸ்டமர் வந்து, "இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கிறேன், ஆளுக்கு 4,800-க்குக் கொடுங்கள்" என்கிறார். நீட்டிப்புக்கு 96,000. வழக்கமான விலை இன்னும் 6,000தான். இண்ட் ஏஎஸ் 115இன்படி, கூடுதல் சேவை அதன் தனி விற்பனை விலையில் வரவில்லை என்றால் அது தனி ஒப்பந்தம் அல்ல. பழையதை முடித்துப் புதியது தொடங்கியதாகக் கொண்டு, கையிலிருக்கும் 60,000-ஐயும் புது 96,000-ஐயும் சேர்த்து 1,56,000-ஐ 18 மாதத்துக்குப் பரப்ப வேண்டும். மாதம் சுமார் 8,667. 2025-26க்கு 1,04,000. ஆறு மாதம் 10,000, அப்புறம் 8,000 என்று எடுத்திருந்தால் 1,08,000 வந்திருக்கும். முடிந்துபோன மாதங்களைத் திருத்த வேண்டியதில்லை.

நீட்டிக்கும் எல்லாருக்கும் 4,800 என்பதே உங்கள் வழக்கம் என்றால் கதை மாறும். அப்போது அதுதான் தனி விற்பனை விலை, 10,000-உம் 8,000-உம் சரி. ஆகவே ஆடிட்டர் கேட்பது கணக்கை அல்ல, ஆதாரத்தை: அதே காலத்தில் மற்ற கஸ்டமர்கள் என்ன விலைக்கு நீட்டித்தார்கள்? அந்த இன்வாய்ஸ்களை எடுத்து வையுங்கள். ஏஎஸ் 9இல் இவ்வளவு விவரமான வழி இல்லை. எந்த முறையை எடுத்தாலும் எல்லாக் கஸ்டமருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

விற்பனைப் பிரிவின் மெயில்களையும் ஆடிட்டர் பார்ப்பார். "பிடிக்கலைன்னா ஆறு மாசத்துல மீதிப் பணம் திருப்பித் தர்றோம்" என்று யாராவது எழுதியிருந்தால் அதுவும் ஒப்பந்தத்தின் பகுதிதான். கஸ்டமருக்குக் கடிதம் போட்டு நிலுவையை மட்டுமின்றி நிபந்தனைகளையும் உறுதிப்படுத்தச் சொல்வார்கள். இன்வாய்ஸ் தேதியை விட்டுவிட்டு லாகின் திறந்த தேதியைக் கேட்பார்கள். ஏப்ரல், மே மாத கிரெடிட் நோட்டுகளைப் புரட்டுவார்கள், மார்ச்சில் ஊதிக் காட்டிய விற்பனை அங்கேதான் வெளியே வரும்.

கடைசியாக, பணம் திருப்பித் தரும் மாற்றம். சிறு கம்பெனிக்கு நிஜமான நஷ்டம் வருவது இதில்தான். 2023 ஏப்ரலில் மூன்று ஆண்டுக்கு 3,60,000-க்கு ஒரே இன்வாய்ஸ் போட்டு 64,800 ஜிஎஸ்டி கட்டிவிட்டீர்கள். 2025 மார்ச் மாதம் கஸ்டமர் மூன்றாம் ஆண்டை ரத்து செய்கிறார். 1,20,000-உம் அதன் ஜிஎஸ்டி 21,600-உம் திரும்ப வேண்டும். வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டுக்கான கெடு, இன்வாய்ஸ் போட்ட நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள், எது முந்தியதோ அது. அதாவது 2024 நவம்பர் 30-க்குள்ளேயே முடிந்துபோனது. சேவை கொடுக்காத ஆண்டுக்கு வரி கட்டியாகிவிட்டது, அந்த வழியில் திரும்ப வராது.

கஸ்டமர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவராகவும், உங்களுக்குக் கொடுத்த ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்து உள்ளீட்டு வரவு எடுத்தவராகவும் இருந்தால், ஜிஎஸ்டி சேர்க்காத வணிக கிரெடிட் நோட் போட்டு 1,20,000 மட்டும் கொடுக்கப் பேசிப் பார்க்கலாம். பதிவில்லாத பள்ளிக்கூடமோ டிரஸ்டோ என்றால் 21,600-ஐயும் அவர்கள் கேட்பார்கள், உங்கள் கையிலிருந்தே போகக்கூடும். அதனால் மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டாலும், பணம் செலுத்தும் தேதிகளை ஆண்டுவாரியாக ஒப்பந்தத்திலேயே எழுதி, ஆண்டுக்கு ஒரு இன்வாய்ஸ் போடுங்கள். மொத்தப் பணமும் முன்னாலேயே வாங்கிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், பணம் வந்த நாளே வரி நாள்.

கெடுவுக்குள் கிரெடிட் நோட் போடுபவர்களுக்கும் 2025 அக்டோபர் 1 முதல் ஒரு முட்டுக்கட்டை சேர்ந்திருக்கிறது. கஸ்டமர் எடுத்த உள்ளீட்டு வரவை அவர் திருப்பாவிட்டால் உங்கள் வரி குறையாது. ஆகவே பணத்தைத் திருப்பும் முன்பே, வரவைத் திருப்பிவிட்டதாக அவரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். பணம் கைக்குப் போனபின் போனை எடுக்க மாட்டார்கள்.