ஹாப்டிக்ஸ் என்பது தொடு அதிர்வு

போன மாதம் என் போனுக்கு பேட்டரி மாற்றினேன். அன்று இரவே ஒரு புது சத்தம் வந்தது. சைலன்டில் போட்டு மரமேசையில் வைத்திருந்தேன். அழைப்பு வந்தபோது வழக்கமான மெல்லிய உறுமலோடு, கண்ணாடி வளையல்கள் உரசுவது போல ஒரு கிலுகிலு சத்தமும் கேட்டது. ரிப்பேர் கடையில் கேட்டதற்கு “வைப்ரேட்டர் மோட்டார் போயிடுச்சு, மாத்தணும்” என்றார்கள். மோட்டார் போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. அதைக் கண்டுபிடித்ததில் ஒரு சொல்லும் உதவியது. அதனால் முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம்.

போனின் செட்டிங்ஸில் ஹாப்டிக்ஸ் என்று எழுதியிருக்கும். வேர் கிரேக்க மொழி. ‘ஹாப்டிகோஸ்’ என்றால் தொடக்கூடிய, பற்றக்கூடிய என்று பொருள். ஒளியைப் பற்றிய படிப்புக்கு ஆப்டிக்ஸ், ஒலியைப் பற்றிய படிப்புக்கு அகூஸ்டிக்ஸ் என்று பெயர் இருக்க, தொடுதலுக்கு மட்டும் ஒரு பெயர் இல்லையே என்று 1892ல் ஜெர்மன் உளவியலாளர் மேக்ஸ் டெஸ்வார் ‘ஹாப்டிக்’ என்ற பெயரை முன்வைத்தார். நரம்புகள் சந்திக்கும் இடத்தைக் குறிக்கும் ‘சினாப்ஸ்’ என்ற சொல்லிலும் இதே வேர்தான் ஒளிந்திருக்கிறது. ஒன்றை ஒன்று தொட்டுப் பற்றும் இடம் என்பது அதன் பொருள். ஆக, ஹாப்டிக்ஸ் என்பது முதலில் ஒரு படிப்பின் பெயர். சூடு, அழுத்தம், சொரசொரப்பு, நடுக்கம் என்று தோல் அறிகிற எல்லாமே அதில் அடங்கும். போன்காரர்கள்தான் அதில் நடுக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

வைப்ரேஷன் வேறு குடும்பம். லத்தீனில் ‘விப்ராரே’ என்றால் ஆட்டுவது, ஈட்டியை ஓங்கிச் சுழற்றுவது. அது பொருளின் அசைவைச் சொல்கிற சொல். ஹாப்டிக்ஸ் அந்த அசைவைத் தோல் அறிவதைச் சொல்கிறது. காதைப் பற்றி இரண்டுமே பேசவில்லை.

தமிழில் ‘அதிர்’ என்ற வினை இருக்கிறது. “எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்” என்ற குறளில் (429) நடுங்கும்படி வருகிற துன்பம் என்ற பொருளில் வருகிறது. அதிர்ச்சி என்று நாம் இன்று சொல்வதும் அதன் வழிதான். ஆனால் முரசு அதிர்ந்தது என்றால் என்ன புரிந்துகொள்கிறோம்? முரசின் தோல் நடுங்கியது என்பதையும், அது முழங்கியது என்பதையும் சேர்த்தேதான் புரிந்துகொள்கிறோம். திருவிழாவில் போடுகிற அதிர்வேட்டும் அப்படித்தான். நெஞ்சுக்கூடு நடுங்கும், காதும் அடைக்கும். நடுக்கத்தையும் ஒலியையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிற இந்தப் பழக்கம் போனுக்கு அப்படியே பொருந்துகிறது. போனுக்குள் நடப்பதும் அதுதான்.

அழைப்பு வந்தால் போனை நடுங்க வைப்பது ஒரு சின்ன உறுப்பு. அதில் இரண்டு வகை உண்டு. பழையது சுழல் மோட்டார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். உள்ளே அச்சின் ஒரு பக்கம் மட்டும் அரைவட்ட எடை இருக்கும். துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டால் வாஷிங் மெஷின் குதிக்கிறதல்லவா, அதே கதைதான். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 167 நடுக்கம். புது வகையில் சுழற்சி இல்லை. ஒரு எடை வில்லில் தொங்கிக்கொண்டு நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓடும். பல போன்களில் அது நொடிக்கு 150 முதல் 235 முறைக்குள் ஏதோ ஒரு எண்ணில் ஓடும்படி செய்திருப்பார்கள். விசைப்பலகையில் ஒரு எழுத்தைத் தட்டினால் ‘டக்’ என்று சுருக்கமாக உணர்வது இந்த வகையில்தான் நன்றாக வரும். சுழல் மோட்டார் வேகம் எடுக்கவே நேரமாகும், நிற்கவும் நேரமாகும். அதனால் தட்டு முடிந்த பிறகும் ஒரு வால் நீளும்.

இந்த வேகத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் நம் தோல். உள்ளங்கையில் ஆழத்தில் இருக்கும் பச்சினி நுண்ணுறுப்புகள் நொடிக்கு 200 முதல் 300 நடுக்கம் வரையிலான எல்லையில் மிகக் கூர்மையாக உணரும். சிக்கல் என்னவென்றால், காது 20லிருந்தே கேட்கத் தொடங்கிவிடும். தோலுக்காகச் செய்த நடுக்கம் முழுக்க முழுக்கக் காதின் எல்லைக்குள்தான் இருக்கிறது. போனைச் சைலன்டில் போட்டாலும் அது சத்தம் போடாமல் இருக்கவே முடியாது. கையில் இருக்கும்போது சதை அந்த நடுக்கத்தை விழுங்கிவிடுகிறது, போனின் பரப்பும் சிறியது, அதனால் கேட்பதில்லை. மேசையில் வைத்தால் மேசைப் பலகையே வீணையின் குடம் போலக் காற்றைத் தள்ள ஆரம்பிக்கிறது.

இதுவரை சொன்னது ஆரோக்கியமான போனின் உறுமல். ரீங்காரம் என்று அதைச் சொல்லலாம், வண்டு போடுகிற மாதிரி ஒரே சீராக இருக்கும். கிலுகிலு சத்தம் வேறு. குழந்தையின் கிலுகிலுப்பையில் என்ன நடக்கிறது? தளர்வான மணிகள் சுவரில் மோதுகின்றன. போனிலும் எங்கோ ஒரு துண்டு பிடிப்பு விட்டுப்போய், ஒவ்வொரு நடுக்கத்துக்கும் பக்கத்தில் இருப்பதை இடிக்கிறது. ஒவ்வொரு இடியும் கூர்மையானது. அதில் உயர்ந்த சுருதிகள் நிறைய இருக்கும். காது மிக நுட்பமாகக் கேட்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. அதனால்தான் மோட்டாரின் உறுமலைவிட, முடியளவு இடைவெளியில் நடக்கும் அந்த மோதல் அதிகமாகக் கேட்கிறது.

சரி, என் போனில் இடித்தது எது? முதலில் மடித்த துண்டின் மேல் வைத்து அழைக்கச் சொன்னேன். சத்தம் இருந்தது, ஆக மேசை காரணமல்ல. உறையைக் கழற்றினேன், சிம் தட்டை வெளியே எடுத்தேன். அப்போதும் இருந்தது. கேமராவின் மேல் ஒரு சந்தேகம் இருந்தது. ஆட்டம் தாங்கும் லென்ஸ் உள்ள கேமராவில், கேமரா அணைந்திருக்கும்போது லென்ஸ் மிதந்துகொண்டிருக்கும், போனைக் குலுக்கினால் ‘டிக்’ என்று கேட்கும். அது கோளாறு அல்ல. அந்த இடத்தை விரலால் அழுத்தினேன், மாற்றமில்லை. பிறகு பின்பக்கக் கண்ணாடியை ஓரமாக ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே போனேன். கீழே இடது மூலைக்கு மேலே ஒரு இடத்தில் அழுத்தியதும் கிலுகிலு நின்றுவிட்டது. விரலை எடுத்தால் மறுபடி வந்தது.

அப்புறம் ஸ்பீக்கரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரும் அதே உடலில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் சவ்வு காற்றை வெளியே தள்ளும்போது உள்ளே இருக்கும் காற்றும் அழுத்தப்பட்டு விரியும், சட்டமும் எதிர்ப்பக்கம் உதைபடும். பாட்டுப் போட்டுவிட்டு போனின் முதுகைத் தொட்டால் தெரியும். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் தாழ்ந்த சுருதியைப் பலமாகத் தர முடியாது, சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே பலம் வேகமாகக் குறையும். இருந்தாலும் ஒரு தளர்ந்த கண்ணாடியை அசைக்க அது போதும். ஒரு டோன் ஆப்பில் 200 ஹெர்ட்ஸில் தொடங்கி மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். மற்ற இடங்களில் சுத்தமாக ஒலித்தது. 520 பக்கம் வந்ததும் அதே கிலுகிலு. மூலையை அழுத்தினேன், நின்றது.

அடுத்து இன்னொரு போனை அருகில் வைத்து, அழைப்பு வரும்போது ஸ்பெக்ட்ரம் ஆப்பில் பார்த்தேன். சத்தத்தில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அது கோடுகளாகக் காட்டும். மோட்டாரின் கோடு 174ல். அதன் மடங்குகளான 348லும் 522லும் கோடுகள் இருந்தன. இருப்பதிலேயே உயரமானது 522. மோட்டார் தரும் நடுக்கத்தின் மூன்றாம் மடங்கு, தளர்ந்த கண்ணாடியின் சொந்த அதிர்வெண்ணோடு ஒன்றிவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதை ஒத்ததிர்வு என்கிறார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பரிவு. ஒன்று நடுங்க, அதற்கு இசைவான இன்னொன்று கூடவே நடுங்குவதால் பரிவு. அருமையான சொல், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

மோட்டார், ஸ்பீக்கர் என்ற இரண்டு வேறு உறுப்புகள் ஒரே இடத்தில் ஒரே சத்தத்தை எழுப்பினால் தவறு உடலில் இருக்கிறது. வைப்ரேஷனில் மட்டும் வந்து, ஸ்பீக்கரின் எந்தச் சுருதியிலும் வராவிட்டால் மோட்டாரையும் அதன் அடிப்பசையையும் சந்தேகிக்க வேண்டும். ஸ்பீக்கரில் மட்டும், அதுவும் சத்தத்தைக் கூட்டினால் எல்லாச் சுருதியிலும் கரகரத்தால் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது வலையில் தூசி சேர்ந்திருக்கலாம். சாம்சங் போன்களில் பலவற்றில் `*#0*#` என்று டயல் செய்தால் மோட்டாரையும் ஸ்பீக்கரையும் தனித்தனியாக இயக்கிப் பார்க்கும் திரை வரும், யாரையும் அழைக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விரலால் அழுத்திப் பார்க்கும் சோதனை, பிடிப்பு விட்ட துண்டு எங்கே என்று மட்டுமே சொல்லும். உள்ளே ஒரு திருகு விழுந்து கிடந்தால் அழுத்தும் இடம் ஏமாற்றும், திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

என் போனில் பேட்டரி மாற்றியபோது பழைய பசையைச் சுரண்டாமல் அதன் மேலேயே கண்ணாடியை ஒட்டியிருந்தார்கள். வேறொரு கடையில் சூடு காட்டித் திறந்து, பழைய பசையை முழுதாக எடுத்துவிட்டு, அந்த மாடலுக்கென்று வெட்டிய ஒட்டுத்தாளை வைத்து கிளிப் போட்டு இரவு முழுக்க வைத்தார்கள். மோட்டாரைத் தொடவே இல்லை. மறுநாள் பார்த்தால் 174ல் கோடு அப்படியே இருக்கிறது, 522ல் இருந்த உயரம் போய்விட்டது. திறந்து மூடிய போனில் பழையபடி தண்ணீர்த் தாங்கல் இருக்கும் என்று நம்பக் கூடாது, அதை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

இனி தமிழ்ச் சொல். படிப்பின் பெயராக வரும்போது ஹாப்டிக்ஸுக்குத் தொடுபுலனியல் என்று சொல்லலாம். தொல்காப்பியம் “ஒன்றறி வதுவே உற்றறி வதுவே” என்று தொடுதலை முதல் அறிவாக வைக்கிறது. உற்றறிதல் என்ற அந்தச் சொல் அழகானது என்றாலும் இன்றைய வாசகருக்கு உடனே பிடிபடாது. போனின் வசதியைச் சொல்லும்போது தொடு அதிர்வு என்பதே என் தேர்வு. விரலால் தொட்டதற்குப் பதிலாக வரும் அதிர்வு, தொடு உணர்வுக்காகச் செய்த அதிர்வு, இரண்டுக்கும் பொருந்தும். ‘தொடுசைகை’ என்பதைத் தவிர்க்கலாம், அது திரையில் விரலை இழுப்பதைக் குறிக்கப் போய்விட்டது. அழைப்புக்கு வரும் நீண்ட நடுக்கத்துக்கு வெறும் அதிர்வு போதும். சீரான உறுமலுக்கு ரீங்காரம், தளர்ந்த துண்டின் சத்தத்துக்குக் கிலுகிலுப்பு. “வைப்ரேட்டர் சத்தம் போடுது” என்று கடையில் சொன்னால் மோட்டாரை மாற்றிவிடுவார்கள். “இந்த மூலையில கிலுகிலுக்குது, பாட்டுப் போட்டாலும் கிலுகிலுக்குது” என்று சொல்லுங்கள், பசையைப் பார்ப்பார்கள்.