போனில் நாற்காலி நிஜ அளவில் நிற்க வேண்டுமென்றால்

ஒரு நாற்காலியின் முப்பரிமாண மாடல் கையில் இருக்கிறது. அகலம் 45 செ.மீ., உயரம் 85 செ.மீ., ஆழம் 50 செ.மீ. அதை போனின் ஆக்மென்டட் ரியாலிட்டி காட்சியில் திறந்து தரையில் வைத்தால், பக்கத்தில் இருக்கும் நிஜ மேசைக்குப் பொருத்தமாக நிற்க வேண்டும். ஆனால் பல நேரம் வைத்த இடத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. ஃபைல் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். பெரும்பாலும் அது கெட்டிருக்காது. நாற்காலி 850 மீட்டர் உயரத்துக்கு எழுந்து, நாம் அதற்குள்ளே நின்றுகொண்டிருப்போம். போனின் வேலைச்சுமையைக் குறைப்பதற்காக, மாடலின் மேற்பரப்பாக அமையும் முக்கோணங்களின் பின்புறத்தை வரையாமல் விடுவது வழக்கம். அதனால் உள்ளிருந்து பார்ப்பவருக்கு எதுவும் கண்ணில் படாது.

போனுக்கு மீட்டர் எப்படித் தெரிகிறது? ஒற்றைக் கேமராவின் படத்தை மட்டும் வைத்து, அருகில் இருக்கும் சின்னப் பொருளையும் தள்ளி இருக்கும் பெரிய பொருளையும் பிரித்தறிய முடியாது. போனை மெல்ல அசைக்கும்போது படத்தின் புள்ளிகள் எவ்வளவு நகர்கின்றன என்பதையும், முடுக்கமானி எவ்வளவு அசைவைக் காட்டுகிறது என்பதையும் மென்பொருள் சேர்த்துக் கணக்கிடுகிறது. முடுக்கமானி தருவது நிஜ உலகின் அலகு என்பதால், அதிலிருந்து அறையின் அளவு மீட்டரில் கிடைத்துவிடுகிறது. அறையை மீட்டரில் அளக்கும் வேலையைப் போன் பார்த்துக்கொள்ளும். மாடலின் அளவைச் சரியாகச் சொல்ல வேண்டியது ஃபைலின் பொறுப்பு.

மாடல் ஃபைலுக்குள் இருப்பவை வெறும் எண்கள். ஆண்ட்ராய்டு பக்கம் பரவலாகப் பயன்படும் `.glb` ஃபைலில், எண் எதுவானாலும் அது மீட்டர்தான். விதியே அப்படி, வேறு அலகு சொல்ல அதில் இடமில்லை. ஐபோன் திறக்கும் `.usdz` வேறு மாதிரி. அதில் `metersPerUnit` என்ற குறிப்பு இருக்கும். 1 என்றால் மீட்டர், 0.01 என்றால் சென்டிமீட்டர். குறிப்பே இல்லையென்றால் சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளப்படும். மீட்டரில் 0.85 என்று வைத்த நாற்காலி, அந்த ஒரு வரி விடுபட்டதால் 8.5 மில்லிமீட்டர் பொம்மையாகிவிடும்.

நம் நாற்காலி ஒரு பொறியியல் வரைபட மென்பொருளிலிருந்து வந்தது, அங்கே எல்லாம் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குள் கொண்டுவந்தால் உயரம் 850 என்று நிற்கும். இங்கே பலரும் `Unit Scale` என்ற இடத்தில் 0.001 போட்டு, திரையில் 85 செ.மீ. என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த அமைப்பு மாற்றுவது திரையில் காட்டும் விதத்தை மட்டுமே. உள்ளே இருக்கும் எண் இன்னும் 850தான், `.glb` ஃபைலுக்குள் போவதும் அதுவே. சரியான வழி, `Unit Scale` 1 ஆகவே இருக்க, மாடலை 0.001 மடங்கு சுருக்கிவிட்டு, `Ctrl+A` அழுத்தி `Scale` தேர்ந்தெடுத்து, அந்தச் சுருக்கத்தை எண்களிலேயே பதித்துவிடுவது. பதிக்காவிட்டாலும் ஃபைல் செல்லும். ஆனால் சுருக்கம் தனிக் குறிப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த கட்டத்தில் வேறொருவர் அதைக் கவனிக்காமல் இன்னொரு முறை 0.001 போட வாய்ப்பு உண்டு. கூடவே, நாற்காலியின் கால்கள் சுழிய உயரத்தைத் தொடும்படி இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சில காட்சிகளில் அந்தரத்தில் மிதக்கும்.

இந்தத் தவறு கடைசி வரை தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. சாதாரண மாடல் பார்வை மென்பொருள்கள், எந்த அளவு மாடலையும் திரைக்குள் அடங்கும்படி காட்டிவிடும். 850 மீட்டரும் 85 சென்டிமீட்டரும் அதில் ஒன்றுபோலவே தெரியும். அதனால் கண்ணை நம்பாமல் எண்ணைப் பார்ப்பதே நல்லது:

```
npx @gltf-transform/cli inspect chair.glb
```

வரும் அட்டவணையில் `bboxMin`, `bboxMax` என்ற இரண்டு மதிப்புகளைக் கழித்தால் அளவு கிடைக்கும். நம் நாற்காலிக்கு 0.45, 0.85, 0.5 என்று வர வேண்டும். நடுவில் இருக்கும் எண்தான் உயரம். 0.85க்குப் பதில் 3.2 போல ஒட்டாத எண் வந்தால், தள்ளி எங்கோ ஒரு துண்டு மறந்துபோய்ச் சேர்ந்து வந்திருக்கிறது.

இனி எடை, அதாவது மாடல் போனுக்குத் தரும் சுமை. அதே கட்டளை காட்டும் இன்னொரு அட்டவணையில் முக்கோணங்களின் எண்ணிக்கையும் இருக்கும். பொறியியல் மென்பொருளிலிருந்து வரும் நாற்காலியில் ஒவ்வொரு திருகுக்கும் வளைவுக்கும் முக்கோணங்கள் குவிந்து 8 லட்சம் வரை போகலாம். முக்கோணத்தின் ஒரு முனைக்கு இடம், திசை, மேற்பரப்பில் ஒட்டும் படமான டெக்ஸ்சரின் முகவரி என 32 பைட் ஆகும். 5 லட்சம் முனைகள் என்றால் 16 எம்பி. எந்த முனைகளை இணைப்பது என்ற பட்டியலுக்கு இன்னும் 9.6 எம்பி. இதையே 20,000 முக்கோணமாகக் குறைத்தால், இரண்டும் சேர்ந்து சுமார் அரை எம்பிதான். திருகு, தையல் போன்ற நுணுக்கங்களை `Bake` செய்து நார்மல் மேப் என்ற படமாக மாற்றிவிடலாம். நிழலும் வெளிச்சமும் அந்தப் படத்திலிருந்து வருவதால் மேற்பரப்பில் இழப்பு தெரியாது. விளிம்பு வளைவுகளில் மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் உருவரை கோணல் கோணலாகத் தெரிவதை எந்த மேப்பாலும் மறைக்க முடியாது. முக்கோணங்களை அங்கேதான் செலவழிக்க வேண்டும்.

டெக்ஸ்சரில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். ஜேபெக் படம் ஃபைலில் ஒரு எம்பிக்குள் அடங்கியிருக்கலாம். போன் அதைத் திரையில் காட்டும்போது முழுதாக விரித்துவிடுகிறது. ஒரு புள்ளிக்கு 4 பைட், அதனால் 4096×4096 படம் ஒன்றுக்கு 64 எம்பி நினைவகம். நிறம், நார்மல், பளபளப்பு என மூன்று மேப் இருந்தால் 192 எம்பி. பதிவிறக்கம் சட்டென்று முடிந்தும் திறக்கும்போது போன் திணறுவது இதனால்தான். 1024×1024 ஆகக் குறைத்தால் ஒவ்வொன்றும் 4 எம்பி, மூன்றுக்கும் 12 எம்பி. `inspect` அட்டவணையில் `gpuSize` என்ற பத்தி இந்த விரிந்த அளவை, படத்தின் சிறிதாக்கிய நகல்களுக்கான சுமார் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டிக் காட்டும். ஃபைல் அளவைவிட அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

```
npx @gltf-transform/cli resize chair.glb chair-1k.glb --width 1024 --height 1024
```

ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் நாற்காலிக்கு 1024 பெரும்பாலும் போதும். துணியின் நெசவை முகத்தருகே கொண்டுபோய்க் காட்ட வேண்டுமென்றால் நிற மேப்பை மட்டும் 2048 ஆக வைத்துக்கொள்ளலாம். டிராகோ போன்ற சுருக்கம் வடிவ எண்களைத்தான் சுருக்கும். டெக்ஸ்சரைத் தொடாது, முக்கோணங்களின் எண்ணிக்கையையும் குறைக்காது. `.usdz` ஃபைலுக்கு அது பயன்படுவதுமில்லை. அந்த ஃபைல் சுருக்கம் இல்லாத ஜிப் தொகுப்பு, அதனால் மூலத்திலேயே இளைத்திருக்க வேண்டும்.

வலைப்பக்கத்தில் `model-viewer` வழியாகக் காட்டினால் `ar-scale="fixed"` சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பார்ப்பவரின் இரண்டு விரல்கள் அளவை மாற்றி நம் வேலை முழுவதையும் கலைத்துவிடும். ஐபோனுக்கு `.usdz` முகவரியை நேரடியாகக் கொடுப்பவர்கள், அதன் முடிவில் `#allowsContentScaling=0` சேர்த்தால் அதே பலன் கிடைக்கும்.

கடைசியாக, நாற்காலியைத் தரையில் வைத்து, பக்கத்தில் ஒரு அளவு நாடாவை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். அளவு 10, 100, 1000 மடங்கு தப்பினால் மில்லிமீட்டர், சென்டிமீட்டர், மீட்டர் குழப்பம், 2.54 அல்லது 39.37 மடங்கு என்றால் எங்கோ அங்குலம் நுழைந்திருக்கிறது. 3 சதவீதம்போலத் தப்பினால் ஃபைலைத் திருத்தாதீர்கள். வழவழப்பான ஒரே நிறத் தரையிலும் மங்கிய வெளிச்சத்திலும் பின்தொடர்வதற்குப் போதிய புள்ளிகள் இல்லாமல், அறையை அளப்பதிலேயே போன் தடுமாறுகிறது. கோலமோ கோடோ உள்ள தரையில், விளக்கைப் போட்டு, போனை இடமும் வலமும் கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள்.