பல் பிடுங்கிய குழிக்குள் சர்க்கரை என்ன செய்கிறது?

"எனக்கு இனிப்புநீர் இருக்கு, பல்லைப் பிடுங்கினா புண் ஆறாது" என்று சொல்லிவிட்டு, ஆடுகிற பல்லோடு மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். அதில் பாதிதான் உண்மை. புண் ஆறுவதைத் தாமதப்படுத்துவது கட்டுக்கடங்காமல் ஓடும் சர்க்கரை. அளவு கட்டுக்குள் இருந்தால் குழி ஏறக்குறைய மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறிவிடும்.

தோ பாயோவில் இருக்கும் 60 வயது மாமா ஒருவரை எடுத்துக்கொள்வோம். பலதுறை மருந்தகத்தில் எடுத்த எச்பிஏ1சி 9.4 விழுக்காடு. கடந்த இரண்டு மூன்று மாதங்களாகச் சர்க்கரை சராசரியாக எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும் எண் அது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, ஆனால் வலி இல்லை. வலி இல்லாததால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கில் எப்போதும் கொஞ்சம் நீர் கசியும். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அந்த நீரிலும் கூடும். அங்கே படியும் கிருமிகளைத் தின்ன வேண்டிய வெள்ளணுக்கள் சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் மந்தமாகிவிடுகின்றன, இடத்துக்கு வந்து சேரவே நேரமாகிறது. இன்னொரு பக்கம், சர்க்கரை உடம்பின் புரதங்களோடு மெல்ல ஒட்டிக்கொள்கிறது. காயா ரொட்டி வாட்டும்போது பழுப்பாகிறதே, கிட்டத்தட்ட அதே வேதிவினை, உடம்பில் மாதக்கணக்கில் நடக்கிறது, அவ்வளவுதான். இப்படி மாறிய புரதம் ஈறில் சேரச் சேர, அங்கிருக்கும் தற்காப்பு அணுக்கள் அழற்சியை அணைக்காமல் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. அந்த ஓயாத அழற்சிதான் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிறது. பல் துலக்கும்போது வரும் ரத்தம், வாய் நாற்றம், பற்களுக்கு நடுவே புதிதாகத் தெரியும் இடைவெளி, இதெல்லாம் அப்போதே தெரியும். நாம்தான் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம்.

சரி, மாமாவுக்குப் பல்லை எடுத்தாகிவிட்டது. சில நிமிடங்களில் குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாகிறது. அந்தக் கட்டிதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அடுத்த சில நாள்களில் வெள்ளணுக்கள் குழியைச் சுத்தம் செய்ய, ஒரு வாரத்துக்குள் சிவந்த புதுத்திசு எழும்பும், சில வாரங்களில் மேலே ஈறு மூடும். அடியில் எலும்பு நிரம்ப இரண்டு மூன்று மாதங்களுக்கு மேலும் ஆகலாம். சர்க்கரை இதில் ஒவ்வொரு படியிலும் கை வைக்கிறது: சுத்தம் செய்யும் வேலை இழுக்கிறது, நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதடைந்திருப்பதால் புதுக்குழாய் முளைப்பது தாமதம், திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் குறைவாக உருவாகிறது, உருவானதையும் கரைக்கும் நொதிகள் கூடுதலாகச் சுரக்கின்றன. அதனால் ஒரு வாரத்தில் மற்றவருக்கு இளஞ்சிவப்பாக இருக்கும் இடம் மாமாவுக்கு இன்னும் சாம்பல் படர்ந்த குழியாகவே இருக்கலாம்.

மெதுவாக ஆறுவது வேறு, கெட்டுப்போவது வேறு. வலி நாளுக்கு நாள் குறைந்தால் மெதுவாகத்தான் ஆறுகிறது, பொறுக்கலாம். மூன்றாம் நாள் வாக்கில் வலி திடீரென்று கூடி காது வரை இழுத்து, குழி வெறுமையாகத் தெரிந்து நாறினால் ரத்தக் கட்டி கழன்றுவிட்டது என்று அர்த்தம். இது யாருக்கும் வரலாம், புகைப்பவர்களுக்கு அதிகம், பல் மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைப்பார். சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம் என்றால் அன்றே போக வேண்டும். வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு எடுக்கும் பல்லுக்குப் பட்டினி தேவையில்லை. கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு, வாய் வலிக்கிறதென்று சாப்பிடாமல் இருந்தால் சாயங்காலத்துக்குள் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போய் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். காலையில் நேரம் வாங்கி, பசியாறிவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு போவது நல்லது. அப்புறம் ஆறிய கஞ்சி, முட்டை, தோசை என்று மெதுவாகச் சாப்பிடலாம். மாத்திரை அளவை மாற்றுவதென்றால் மருத்துவரைக் கேட்டுத்தான்.

ஒரு பல்லை எடுத்ததோடு மாமாவின் ஈறுநோய் போய்விடாது, மற்றப் பற்களைச் சுற்றி அதே அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். அந்த அழற்சி இன்சுலின் வேலை செய்வதையும் கெடுக்கிறது. ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவுக்கு இறங்குவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. 9.4 இருப்பவருக்கு அது மட்டும் போதாது, மருந்தும் சாப்பாடும் தனியாகச் சரியாக வேண்டும்.