"திட்டினதுதானே, அடிக்கலையே?" என்று கேட்கும் மேலதிகாரிகளுக்கு

மருத்துவமனைகளில் பணியாளர் மீது தாக்குதல் நடந்தபிறகு விசாரித்தால் பெரும்பாலும் ஒரே விவரம்தான் வருகிறது. அடிப்பதற்கு முன்பே அந்த ஆள் மிரட்டியிருப்பார். அது எங்கும் பதிவாகியிருக்காது. அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்கென்றே 2008-இல் ஒரு சட்டம் வந்தது. காவல் நிலையத்தில் '48/2008' என்றால் புரியும். அந்தச் சட்டத்தில் வன்முறை என்றால் காயம் மட்டுமில்லை. மிரட்டுவதும், வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதும் வன்முறைதான். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். தண்டனை 3 ஆண்டிலிருந்து 10 ஆண்டு வரை. ஆகவே "ரத்தம் வந்தாத்தான் எழுதணும்" என்பது யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. "பாவம், துக்கத்துல பேசிட்டாங்க" என்பதும் பதில் அல்ல. துக்கத்தில் அழுபவரையும், "வெளியே வா, பாத்துக்கறேன்" என்று ஒருவரைக் குறிவைத்துப் பேசுபவரையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒரு இரவு ஷிஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். 1.40 மணிக்கு கேஷுவாலிட்டியில் மாரடைப்பு நோயாளியின் மகன், ஸ்டாஃப் நர்ஸைப் பார்த்து "வெளியே வா, பாத்துக்கறேன்" என்கிறார். "விடும்மா, டென்ஷன்ல இருக்காரு" என்கிறார் சூப்பர்வைசர். 3.10-க்கு நோயாளி இறக்கிறார். மகன் மூன்று பேரோடு உள்ளே வருகிறார். மானிட்டர் உடைகிறது, நர்ஸின் மணிக்கட்டு பிசகுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் இருந்தது. மிரட்டலைச் சம்பவப் பதிவேட்டில் ஏற்றி, வாசலில் செக்யூரிட்டியை நிறுத்தி, உடனிருப்பவர் ஒருவருக்கு மட்டும் பாஸ் கொடுத்து, அந்த நர்ஸை வேறு பக்கம் மாற்றியிருக்கலாம். மரணச் செய்தியை இரண்டு பேராகச் சேர்ந்து, தனி அறையில், கதவுப் பக்கம் நின்று சொல்லியிருக்கலாம். பதிவேட்டில் "தகாத வார்த்தை பேசினார்" என்று நாகரிகமாக எழுதாதீர்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள்.

கைகலப்பு தொடங்கிவிட்டால் ஒருவர் மட்டும் பேசுங்கள். ஐந்து பேர் சூழ்ந்து சமாதானம் சொன்னால் சண்டைதான் பெருகும். இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள். வாசலுக்கும் உங்களுக்கும் நடுவே அவர் நிற்க விடாதீர்கள், அவரையும் மூலையில் தள்ளாதீர்கள். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள், பிடித்து இழுக்க வசதியான கயிறு அது. கத்தி, கட்டை எது தெரிந்தாலும் பேச்சு வேண்டாம். விலகுங்கள், 100-க்கோ 112-க்கோ அழையுங்கள். உடைவது மானிட்டர் என்றால் உடையட்டும்.

புகாரில்தான் அதிகம் சொதப்புகிறோம். அடிபட்ட பெண்ணையே கட்டுப்போட்ட கையோடு ஸ்டேஷனுக்கு அனுப்பும் வழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். புகார் கொடுக்க வேண்டியது நிறுவனம். கொல்கத்தாவில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் மருத்துவமனையிலேயே கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 16 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் தன் மருத்துவமனைகளுக்கு அனுப்பிய உத்தரவு, 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் பெயரில் எஃப்.ஐ.ஆர். பதிவாக நிறுவனத் தலைவரே பொறுப்பு என்கிறது. தனியார் மருத்துவமனையும் இதைத் தன் விதியாக எழுதிவைத்துக்கொள்ளலாம். புகார் நிறுவனத்தின் பெயரில் போனால், அதில் நர்ஸின் வீட்டு முகவரி இருக்க வேண்டியதில்லை, மருத்துவமனை முகவரி போதும்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். அது எஃப்.ஐ.ஆர். இல்லை, புகார் வந்ததற்கான அத்தாட்சி மட்டும். எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கேளுங்கள், அதில் 48/2008 இருக்கிறதா பாருங்கள், இலவச நகலை வாங்குங்கள். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ எழுத்தில் அனுப்புங்கள். காயத்தை அன்றிரவே விபத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள், "நம்ம ஸ்டாஃப்தானே" என்று விட்டுவிடாதீர்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அதையும் அன்றிரவே நகலெடுங்கள். நீதிமன்றத்தில் அது செல்லுபடியாக, பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும் என்பதை ஐ.டி. ஆளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

அடிபட்டவரை மீதி ஷிஃப்ட்டுக்கு உட்காரவைக்காதீர்கள். வீட்டுக்குத் துணையோடு அனுப்புங்கள், லீவைக் கழிக்காதீர்கள். மறுநாளே கூட்டி உட்காரவைத்து "நடந்ததை எல்லாம் சொல்லு" என்று நோண்டுவதும் உதவாது. பேச விரும்பினால் கேளுங்கள், போதும். மூன்றாம் நாளும் இரண்டு வாரம் கழித்தும் ஒருவர் போன் செய்து, தூங்குகிறாரா, அந்த வார்டு என்றாலே பதறுகிறாரா என்று விசாரியுங்கள். ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். இதற்கிடையில் "எதிர்த்தரப்பு வந்து மன்னிப்புக் கேக்கறாங்க, கையெழுத்துப் போட்டுடும்மா" என்று அவரிடம் போய் நிற்காதீர்கள். புகார்தாரர் நிறுவனம். பதில் சொல்ல வேண்டியதும் நிறுவனம்தான்.