12 ஆண்டுகளாக நிரம்பாத செப்டிக் டேங்க்

சென்னைப் புறநகரில் தனி வீடு வாங்கவிருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. செப்டிக் டேங்க் கட்டி 12 வருஷமாச்சு, ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை என்கிறார் வீட்டுக்காரர். நல்லதுதானே?"

இல்லை. ஒழுங்காகக் கட்டிய தொட்டிக்கு லாரி வந்தே தீர வேண்டும்.

கழிவுநீர் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் 'டி' வடிவக் குழாய் ஒன்று கீழ்நோக்கி இறங்கும். உள்ளே இருப்பதைக் கலக்காமல் நீரை மெல்ல இறக்குவது அதன் வேலை. ஒன்றிரண்டு நாள் அசையாமல் நிற்கும்போது கனமானது அடியில் சேறாகப் படியும், கொழுப்பு ஆடையாக மிதக்கும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். வெளியேறும் பக்கத்திலும் ஒரு 'டி' உண்டு. அதன் கீழ்வாய் இந்த நடு அடுக்கில் மூழ்கியிருப்பதால் ஆடையும் வெளியே போகாது, சேறும் போகாது. மோட்டார் கிடையாது, வடிகட்டி கிடையாது. அடர்த்தி வேறுபாடும் குழாய் வாயின் உயரமுமே எல்லாவற்றையும் செய்து முடிக்கின்றன. எவ்வளவு அழகான ஏற்பாடு!

சேற்றைப் பாக்டீரியாக்கள் தின்று குறைக்கும், முழுதாகத் தீர்க்காது. ஐந்து பேருக்கு ஐ.எஸ். 2470 தரக்குறியீடு சொல்லும் தொட்டி 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம். அதாவது 1,125 லிட்டர். ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லிட்டர் சேறு மிஞ்சும் என்று வைத்தால், ஐவருக்கு 200 லிட்டர். இரண்டே ஆண்டில் தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அப்போதே எடுத்துவிட வேண்டும். ஆள் குறைவு, தொட்டி பெரிது என்றால் கணக்கு தள்ளிப்போகும். அப்படி இல்லாமல் 12 ஆண்டு தாங்கியது என்றால், தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகிணற்றுக்குள் சேறு போயிருக்க வேண்டும், அல்லது அடியில் கான்கிரீட்டே போடாமல் சிமென்ட் உறைகளை மட்டும் இறக்கியிருக்க வேண்டும். பின்னது செப்டிக் டேங்க் அல்ல. கழிவுநீர் நேரே மண்ணுக்குள் இறங்கும் குழி.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கொத்தனாரை வைத்து மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். தலையை உள்ளே நீட்டக் கூடாது, தீக்குச்சி கொளுத்தக் கூடாது, யாரும் இறங்கவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு நொடிகளில் மயக்கிக் கொல்லும். தள்ளி நின்று டார்ச் அடித்து நீர்மட்டத்தைப் பாருங்கள். 'டி'யிலிருந்து கிடையாக வெளியேறும் குழாயின் அடிவிளிம்போடு சமமாக நின்றால் தொட்டி சரி. அதற்குக் கீழே நின்றால் ஒழுகுகிறது (அண்மையில் லாரி வந்திருந்தால் ஒழிய). மேலே ஏறி நின்றால் உறைகிணறு நீரை வாங்கவில்லை. களிமண் நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிலத்தடி நீர் ஏறும்போது இது முற்றி, கழிவறைக் கோப்பையிலேயே நீர் எதிர்த்து வரும். ஈஸ்ட், வெல்லம், பாக்டீரியா பொடி எதுவும் இதற்கு உதவாது.

டேங்க் வாயு மூலையில் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள், உறைகிணற்றுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே டேப் வைத்து அளப்பதில்லை. 18 மீட்டராவது வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

நாளை பாதாளச் சாக்கடை வந்தால் மட்டம்தான் சிக்கல். 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு வைத்தால், வீட்டுக் குழாயிலிருந்து தெருச் சேம்பர் 12 மீட்டர் தள்ளி இருக்கும்போது 30 செ.மீ. இறக்கம் தேவை. சாலையை உயர்த்தி உயர்த்தி வீடு பள்ளமாகிப் போயிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ரசமட்டக் குழாய் பிடித்துப் பாருங்கள்.