சொல் விளக்கம்: இலாபத்திறன் விகிதம்

ஆங்கிலத்தில் ‘புராஃபிடபிலிட்டி இண்டெக்ஸ்’ என்று வழங்கும் நிதிக் கலைச்சொல்லைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘இலாபத்தன்மைக் குறியீடு’ என்றும் ‘இலாபத்திறன் குறியீட்டெண்’ என்றும் பலவாறாக எழுதுகின்றன. ஒரு திட்டம் வருங்காலத்தில் ஈட்டித் தரும் நிகரப் பணத்தின் இன்றைய மதிப்பை, அதாவது காத்திருக்கும் காலத்துக்குரிய வட்டியைக் கழித்த மதிப்பை, அத்திட்டத்தில் இன்று போட வேண்டிய முதலால் வகுத்தால் கிடைக்கும் எண்ணையே இச்சொல் குறிக்கிறது. அந்த எண் 1-க்கு மேல் இருந்தால், போட்ட முதலையும் அதற்குரிய வட்டியையும் மீட்டபின் திட்டத்தில் ஏதோ மிஞ்சுகிறது என்பது பொருள். ஆனால் ஒரு திட்டம் நல்லதா இல்லையா என்று மட்டும் அறிவதற்கு இந்த எண் தேவையில்லை. மீட்சியின் இன்றைய மதிப்பிலிருந்து முதலைக் கழித்து வரும் நிகர இன்றைய மதிப்பே அதைச் சொல்லிவிடும். நல்ல திட்டங்கள் பல இருந்து, எல்லாவற்றையும் தொடங்கக் கையில் பணம் போதாதபோதுதான் இந்த வகுத்தல் பயன்படுகிறது.

‘இண்டெக்ஸ்’ என்பது இலத்தீனில் சுட்டுவிரலையும் சுட்டிக்காட்டுவதையும் குறித்த சொல். அந்த வகையில் ‘குறியீடு’ தவறான பெயர்ப்பு அன்று. எனினும் ‘விலைக் குறியீட்டெண்’ என்று கேட்டுப் பழகிய நமக்கு, ஓர் அடிப்படை ஆண்டை 100 எனக் கொண்டு காலத்தோடு ஏறி இறங்கும் எண்ணே நினைவுக்கு வருகிறது. இங்கே அடிப்படை ஆண்டு என ஒன்று இல்லை. ஒரு தொகையை இன்னொரு தொகையால் வகுத்த விகிதம் மட்டுமே உள்ளது. ஆங்கிலத்திலும் இப்பெயர் தொடக்கம் முதல் ஒரே பொருளில் நிற்கவில்லை. 1957-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் ரே ரூல் இதே பெயரைத் தலைப்பாக வைத்து எழுதியபோது, திட்டத்தின் நிகர இன்றைய மதிப்பைச் சுழியாக்கும் வட்டி வீதத்தையே அவர் அப்படி அழைத்தார். இன்று அதற்கு அக ஈட்டு வீதம் என்று பெயர். ஆகவே பழைய கட்டுரைகளில் இச்சொல்லைக் காண்பவர், அங்கே இருப்பது விழுக்காடா விகிதமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘புராஃபிட்’ என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்பதில்தான் எனக்கு நீண்ட நாள் தயக்கம் இருந்தது. ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்று குறள் சொல்லும்போது, முதலும் அதனால் வரும் இலாபமும் இரண்டு தமிழ்ச் சொற்களில் அழகாகப் பிரிந்து நிற்கின்றன. ஆனால் ஊதியம் இன்று கூலியும் சம்பளமும் ஆகிவிட்டது. ‘ஊதிய விகிதம்’ என்று எழுதினால் படிப்பவர் சம்பள விகிதம் என்றே கொள்வார். அடுத்து நிற்பது ‘ஆதாயம்’. தமிழ்நாட்டுக்குள் அது இலாபத்தையே குறிக்கும். எல்லைப் பகுதியில் அப்படியில்லை. மலையாளத்தில் ஆதாயம் என்றால் வருமானம். வருமான வரிக்கு அங்கே ஆதாய நிகுதி என்று பெயர். தெலுங்கிலும் ஆதாயம் வருமானமே. பொள்ளாச்சிக்கு மேற்கே, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர்களில், ‘ஆதாயம் பதினொரு லட்சம் வருமுங்க’ என்று ஒருவர் சொன்னால், செலவு போகவா போகாமலா என்று திருப்பிக் கேட்காமல் கணக்கு எழுத முடியாது. இலாபமோ மூன்று மொழிகளிலும் செலவு போக மிஞ்சுவதையே குறிக்கிறது. வடசொல்லாயினும் அதை வைத்துக்கொள்வதே இங்கே பாதுகாப்பு என்பது என் முடிவு.

அடுத்தது வகுக்கும் எண்ணாகிய முதல். நாம் ‘முதலீடு’ என்கிறோம். முதலை இடுதல் என்பது அதன் பொருள். மலையாளிகள் ‘முதல்முடக்கு’ என்கிறார்கள். பணத்தை முடக்குதல் நமக்கும் பழகிய வழக்குதான், ஆனால் பெரும்பாலும் நட்டத்தைச் சொல்லும்போதே அதைப் பயன்படுத்துகிறோம். இந்த விகிதத்தைப் புரிந்துகொள்ள அண்டை மொழியின் சொல்லே கூடுதலாக உதவுகிறது. ஒரு திட்டத்தில் இட்ட பணம் மற்றொரு திட்டத்துக்குக் கிடைக்காமல் முடங்குகிறது. முடங்கும் ஒவ்வொரு ரூபாயும் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதே இங்கே கேட்கப்படும் கேள்வி. முதலுக்கு வரம்பு இருக்கும் இந்த நிலையை நூல்கள் ‘மூலதனப் பங்கீடு’ என்கின்றன. கூட்டாளிகள் முதலைப் பங்கு பிரித்துக்கொள்வதாக அது தவறாக ஒலிப்பதால், ‘முதல் வரம்பு’ என்று நான் எழுதுகிறேன்.

கணக்கைப் பார்ப்போம். கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தென்னை விவசாயிகள் சிலர் சேர்ந்து 30 லட்சம் ரூபாய் திரட்டியிருப்பதாகவும், அவர்கள் முன்னே நான்கு திட்டங்கள் இருப்பதாகவும் கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. நார் மில்லுக்கு 20 லட்சம் முதல் வேண்டும், செலவு போக ஆண்டுக்கு 7 லட்சம் வரும். மரச்செக்குக்கு 12 லட்சம், ஆண்டுக்கு 4.5 லட்சம். கொப்பரை காயவைக்கும் சோலார் உலர்கூடத்துக்கு 10 லட்சம், ஆண்டுக்கு 3.6 லட்சம். தோப்புக்குச் சொட்டுநீர் போட 6 லட்சம், ஆண்டுக்கு 2.5 லட்சம். நான்கும் ஐந்தாண்டு பலன் தருவதாகவும், வட்டி 12 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், ஐந்தாண்டுகளுக்கு ஆண்டிறுதிதோறும் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு மொத்தம் ஏறத்தாழ 3.605 ரூபாய்.

இதைக் கொண்டு பெருக்கினால் நார் மில்லின் மீட்சி 25.23 லட்சம், நிகர இன்றைய மதிப்பு 5.23 லட்சம், விகிதம் 1.26. செக்கின் மீட்சி 16.22 லட்சம், நிகரம் 4.22 லட்சம், விகிதம் 1.35. உலர்கூடத்தின் மீட்சி 12.98 லட்சம், நிகரம் 2.98 லட்சம், விகிதம் 1.30. சொட்டுநீரின் மீட்சி 9.01 லட்சம், நிகரம் 3.01 லட்சம், விகிதம் 1.50. நான்கும் நல்ல திட்டங்களே. நான்குக்கும் 48 லட்சம் வேண்டும்; இருப்பது 30 லட்சம்.

நிகரத் தொகை பெரியது எது என்று பார்த்து வரிசைப்படுத்துபவர் நார் மில்லை முதலில் எடுப்பார். மீதி 10 லட்சத்தில் செக்கு அடங்காது. அடுத்து நிற்கும் சொட்டுநீரை எடுத்தால் மொத்த நிகரம் 8.24 லட்சம், 4 லட்சம் சும்மா கிடக்கும். விகிதத்தைப் பார்த்து வரிசைப்படுத்துபவர் சொட்டுநீர், செக்கு, உலர்கூடம் என்று எடுப்பார். 28 லட்சம் முடங்கி 10.21 லட்சம் நிகரம் கிடைக்கும். பெரிய தொகை தரும் மில் தன்னோடு பெரும் முதலையும் முடக்கிக்கொள்வதால், மூன்று சிறிய திட்டங்களின் இடத்தை அது ஒன்றே அடைத்துவிடுகிறது. நிகரத் தொகையின் வரிசை இதைக் காட்டாது, விகிதம் காட்டும்.

இதே நான்கு திட்டங்களை வைத்துக்கொண்டு, 30 லட்சம் வரவேண்டிய இடத்தில் 26 லட்சம்தான் வந்தது என்று கொள்வோம். விகித வரிசைப்படி சொட்டுநீரும் செக்கும் 18 லட்சத்தை எடுக்கும். மீதி 8 லட்சத்தில் உலர்கூடமும் அடங்காது, மில்லும் அடங்காது. கிடைக்கும் நிகரம் 7.23 லட்சம். ஆனால் மில்லையும் சொட்டுநீரையும் சேர்த்தால் 26 லட்சமும் சரியாகச் செலவாகி 8.24 லட்சம் கிடைக்கிறது. வரிசையில் கடைசியில் நின்ற மில், வரம்பு 4 லட்சம் குறைந்ததும் உள்ளே வந்துவிட்டது. திட்டங்கள் எதுவும் மாறவில்லை. அரை மில்லையோ முக்கால் உலர்கூடத்தையோ கட்ட முடியாது என்பதே காரணம். திட்டங்களை எவ்வளவு சிறிதாகவும் வெட்டி எடுக்க முடியுமானால் மட்டுமே விகித வரிசை எப்போதும் சிறந்த விடையைத் தரும். வரிசைப்படி எடுத்தபின் மிஞ்சி நிற்கும் பணம், விட்டுப்போன திட்டம் ஒன்றின் தேவைக்கு அருகில் இருந்தால் அதுவே எச்சரிக்கை. அப்போது வரிசையைத் தள்ளி வைத்துவிட்டு, வரம்புக்குள் அடங்கும் சேர்க்கைகள் அனைத்தின் மொத்த நிகரத்தையும் ஒப்பிட வேண்டும். நான்கு திட்டங்களுக்கு அது ஒரு தாளில் முடிகிற வேலை.

இன்னொரு பிழை ‘ஆதாயம்’ என்ற சொல்லிலிருந்தே பிறக்கிறது. நார் மில்லின் மொத்த வருமானம் ஆண்டுக்கு 11 லட்சம், மின்சாரத்துக்கும் கூலிக்கும் 4 லட்சம் என்று கொள்வோம். ஒருவர் 11 லட்சத்தின் இன்றைய மதிப்பான 39.65 லட்சத்தை மேலே வைத்து, ஐந்தாண்டுச் செலவின் இன்றைய மதிப்பான 14.42 லட்சத்தை முதலோடு கூட்டிக் கீழே வைத்தால், விகிதம் 1.26-இலிருந்து 1.15-ஆக இறங்கிவிடும். நிகர இன்றைய மதிப்போ 5.23 லட்சமாக அப்படியே இருக்கும். மில் மோசமாகவில்லை, கணக்கு எழுதிய முறைதான் மாறியது. மொத்தப் பலனை மொத்தச் செலவால் வகுக்கும் பலன்–செலவு விகிதத்தில் இவ்வாறு எழுதுவது உண்டு. நாம் பேசும் விகிதத்தில் அது பொருந்தாது. மாதாமாதம் வரும் மின்கட்டணத்தை மில்லின் வருமானமே கட்டிக்கொள்ளும். இன்றுள்ள 30 லட்சத்துக்காக அது செக்கோடும் உலர்கூடத்தோடும் போட்டியிடுவதில்லை. வரம்புக்கு உட்பட்ட பணம் மட்டுமே கீழே வரவேண்டும். அதே காரணத்தால், செக்கை ஓட்டத் தொடங்கும் முன் கொப்பரை வாங்கி இருப்பு வைக்கவேண்டிய தொகை அந்த 30 லட்சத்திலிருந்தே போகுமானால், அது இயந்திரம் இல்லையென்றாலும் கீழேதான் சேரும். ‘முதல்முடக்கு’ என்று சொல்லிப் பார்த்தால் இந்த வேறுபாடு தவறாது.

வரம்பு ஓராண்டுக்கு மட்டுமின்றி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கும் இருந்தால், ஒரே விகிதம் போதாது. முதல் ஆண்டின் ரூபாய்க்கு ஒரு விகிதமும் இரண்டாம் ஆண்டின் ரூபாய்க்கு வேறொரு விகிதமும் வந்து, வரிசைகள் ஒன்றோடொன்று முரண்படும். 1955-இல் அமெரிக்க ஆய்வாளர்களான லோரியும் சாவேஜும் இந்தச் சிக்கலைத் தெளிவாக எழுதினர். 1963-இல் வைன்கார்ட்னர் என்ற ஆய்வாளர் இதை, பல வரம்புகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் நேரியல் நிரலாக்கக் கணக்காக மாற்றித் தீர்த்துக் காட்டினார்.

இக்காரணங்களால், பாடநூலில் ‘இலாபத்தன்மைக் குறியீடு’ என்று இருந்தால் அதைப் புரிந்துகொள்வோம்; எழுதும்போது ‘இலாபத்திறன் விகிதம்’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. தன்மை என்பது இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லும். திறன் என்பது ஒரு ரூபாய்க்கு எவ்வளவு என்ற அளவைச் சொல்லும். முதன்முறை பயன்படுத்தும் இடத்தில், ‘இன்று முடங்கும் ஒரு ரூபாய் முதலுக்குத் திரும்பி வரும் நிகரப் பணத்தின் இன்றைய மதிப்பு’ என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துவிட்டால், கொழிஞ்சாம்பாறையில் படிப்பவருக்கும் பொள்ளாச்சியில் படிப்பவருக்கும் ஒரே எண்ணே கிடைக்கும்.