மூன்று 22-கள்: ராமுக்குள் ஒரு நிரை திறந்து மூடும் கதை

களுவாஞ்சிக்குடியில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்று, கல்முனையில் வாங்கிய மடிக்கணினி ராம். எட்டு கறுப்புச் சில்லுகள், 8 ஜிபி, DDR4-3200. மற்றது CPU-Z மென்பொருளின் திரை. அதில் CL 22, tRCD 22, tRP 22, tRAS 52 என்று நான்கு எண்கள். "கடைக்கார அண்ணா 22 என்றால் கொஞ்சம் ஸ்லோதான் என்கிறார். ஆனால் மூன்று 22 இருக்கிறதே சேர், இதில் எது உண்மையான தாமதம்?" என்று கேட்டிருந்தார்.

மூன்றும் உண்மையான தாமதங்கள்தான். ராம் சில நேரம் ஒரு 22-ஐ மட்டும் எடுக்கும், சில நேரம் இரண்டை, சில நேரம் மூன்றையும். எப்போது எத்தனை என்பதைத் தீர்மானிப்பது, அதற்குச் சற்று முன் நீங்கள் எந்த இடத்தைத் தொட்டீர்கள் என்பது.

அடிப்படை பாடப்புத்தகத்தில் இருப்பதே. ஒரு பிட்டுக்கு ஒரு திரான்சிற்றர், ஒரு கொள்ளளவி. ஏற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்தக் கலங்கள் நிரையும் நிரலுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த மாணவியின் ராமில் உள்ள ஒவ்வொரு சில்லிலும் 16 பாங்க்குகள் உண்டு. ஒவ்வொரு பாங்க்கும் தனியொரு வயல்வெளி போல. அதில் 65,536 நிரைகள், ஒரு நிரையில் 8192 பிட்டுகள், அதாவது 1 கிலோபைட். எட்டுச் சில்லுகளும் ஒரே கட்டளைக்கு ஒன்றாக இயங்குவதால், புரோசசரின் பக்கமிருந்து பார்த்தால் ஒரு நிரை 8 கிலோபைட். பெருக்கிப் பாருங்கள், சரியாக 8 ஜிபி வரும்.

முகவரியை ஏன் நிரை, நிரல் என்று இரண்டு தவணையில் அனுப்புகிறார்கள்? இந்த வழக்கம் 1973-இல் மொஸ்டெக் நிறுவனம் வெளியிட்ட MK4096 சில்லிலிருந்து வருகிறது. 4096 பிட்டுகளில் ஒன்றைக் குறிக்க 12 முகவரிக் கம்பிகள் தேவை. மற்றவர்கள் 22 கால்கள் வைத்த சில்லுகளைச் செய்துகொண்டிருந்தபோது, இவர்கள் ஆறு கம்பிகளையே இரு தடவை பயன்படுத்தி 16 கால்களில் முடித்தார்கள். முதலில் நிரை எண்ணை வைத்து ஒரு சைகை, பிறகு அதே கம்பிகளில் நிரல் எண்ணை வைத்து இன்னொரு சைகை. முதலாவது ராஸ், அதாவது Row Address Strobe; இரண்டாவது காஸ், அதாவது Column Address Strobe. "இப்போது கம்பியில் இருப்பது நிரை எண், பிடித்துக்கொள்" என்று சொல்லும் தட்டல்தான் அந்த ஸ்ட்ரோப். இன்று அவை கடிகாரத் துடிப்போடு போகும் கட்டளைகளாகிவிட்டன; வரிசை மட்டும் மாறவில்லை.

கால்களைக் குறைக்கச் செய்த ஏற்பாடு போலத் தோன்றினாலும், இந்த இரு தவணையும் சில்லின் உள்வேலைக்கு அப்படியே பொருந்துகிறது. ராமில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

ஒரு பிட்டை மட்டும் தனியாக வாசிக்க ராமுக்குத் தெரியாது. நிரை எண் கிடைத்ததும் அந்த நிரையின் கம்பி உயர்கிறது. அதில் உள்ள 8192 திரான்சிற்றர்களும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. ஒவ்வொரு கொள்ளளவியும் தன் நிரலுக்குரிய நீண்ட கம்பியோடு இணைகிறது. அந்தக் கம்பி கொள்ளளவியைவிடப் பல மடங்கு பெரியது. நாவற்குடாவில் ஒரு செம்பு நீரை வாவியில் ஊற்றிவிட்டு மட்டம் உயர்ந்ததா என்று பார்ப்பது போன்ற வேலை, இவ்வளவு மோசமில்லை என்றாலும்.

கணக்காகவே பார்ப்போம். கலத்தில் 1 இருந்தால் 1.2 வோல்ற்று, 0 என்றால் 0 வோல்ற்று. வாசிப்பதற்கு முன்பே கம்பியைச் சரிபாதியில், 0.6 வோல்ற்றில் நிறுத்திவைத்திருப்பார்கள். கம்பியின் கொள்ளளவம் கலத்தினுடையதைப் போல ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் ஏற்றம் பகிரப்பட்டு, 1 இருந்த கம்பி 0.7 வோல்ற்றுக்கு ஏறும். 0 இருந்தது 0.5-க்கு இறங்கும். கிடைக்கும் சேதி இந்த 0.1 வோல்ற்று மட்டுமே. அதோடு கலத்தில் இருந்த தகவலும் அழிந்துவிட்டது. இப்போது அங்கே இருப்பதும் 0.7 அல்லது 0.5 தான்.

இங்கேதான் உணர் பெருக்கி வருகிறது. நகைக்கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு நம் கம்பி, மறுதட்டு 0.6-இல் நிற்கும் இன்னொரு கம்பி. ஆனால் இந்தத் தராசுக்கு ஒரு விசேட குணம்: ஒரு பக்கம் துளி சாய்ந்தால் போதும், அந்தச் சாய்வே தன்னை மேலும் சாய்த்துக்கொள்ளும். ஒன்றின் வெளியீட்டை மற்றதன் உள்ளீடாகக் குறுக்கே கோர்த்த இரண்டு தலைகீழாக்கிகள்தான் அது. 0.7 இருந்த பக்கம் 1.2 வரை ஏறும், 0.6 இருந்த பக்கம் 0 வரை விழும். கலத்தின் கதவு இன்னும் திறந்தே இருப்பதால், அந்த முழு 1.2 வோல்ற்றும் கம்பி வழியே திரும்பிப் போய்க் கலத்தை நிரப்புகிறது. வாசித்ததால் அழிந்ததை வாசித்த கருவியே திருப்பி எழுதிவிடுகிறது. மிஞ்சுவது இறுதிவரை சாய்ந்து நிற்கும் 8192 தராசுகள். ரோ பஃபர் என்று நாம் சொல்வது இந்தத் தராசு வரிசையைத்தான். அதற்கென்று சில்லில் தனியாக ஒரு பெட்டி கிடையாது.

இனி அந்த எண்களுக்கு வருவோம். DDR4-3200-இன் கடிகாரம் 1600 மெகாஹேர்ட்ஸ், ஒரு துடிப்பு 0.625 நானோசெக்கன். ஆகவே 22 துடிப்பு என்பது 13.75 நானோசெக்கன்.

tRCD என்ற 22, நிரையைத் திறந்ததிலிருந்து தராசுகள் நம்பும்படி சாயும்வரை காத்திருக்கும் நேரம். CL என்ற 22, சாய்ந்து நிற்கும் வரிசையில் நமக்கு வேண்டிய நிரல்களைப் பொறுக்கி வெளியே அனுப்பும் நேரம். எட்டுச் சில்லுகளும் சேர்ந்து 64 பைட் தரும். tRP என்ற 22 நிரையை மூடும் நேரம். நிரைக் கம்பியை இறக்கி, இறுதிவரை சாய்ந்துபோன தராசுகளையெல்லாம் மறுபடி 0.6-க்குக் கொண்டுவந்து சமப்படுத்த வேண்டும். சமப்படுத்தாமல் அடுத்த நிரையைத் திறந்தால், பழைய சாய்வு புதிய 0.1 வோல்ற்றை விழுங்கிவிடும். tRAS-இன் 52 துடிப்பு, திறந்த நிரையைக் கலங்கள் முழுதாக நிரம்பும்வரை மூடக்கூடாது என்ற காவல்.

புரோசசர் கேட்ட இடம் ஏற்கெனவே திறந்திருக்கும் நிரையில் இருந்தால் CL மட்டுமே: 13.75 நானோசெக்கன். பாங்க்கில் எதுவும் திறந்திருக்கவில்லை என்றால் திறந்து பொறுக்க வேண்டும்: 27.5. வேறொரு நிரை திறந்து கிடந்தால் அதை மூடி, வேண்டியதைத் திறந்து, பிறகு பொறுக்க வேண்டும்: 41.25. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மாணவி கண்ட மூன்று 22-களும் இவைதான்.

இதை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். ஒரு நிரையின் 8 கிலோபைட்டில் 64 பைட் துண்டுகள் 128 உண்டு. அவற்றை வரிசையாக வாங்கினால் நிரையைத் திறப்பது ஒரே தடவை. அதன் பிறகு அதே பாங்க்கிலிருந்து 5 நானோசெக்கனுக்கு ஒரு துண்டு வரும். மொத்தம் சுமார் 670 நானோசெக்கன். அதே பாங்க்கில் 128 வெவ்வேறு நிரைகளிலிருந்து ஒவ்வொரு துண்டு கேட்டால், ஒரு திறப்புக்கும் அடுத்த திறப்புக்கும் இடையே tRAS-உம் tRP-உம் கழிந்தாக வேண்டும், கிட்டத்தட்ட 46 நானோசெக்கன். மொத்தம் 5900-ஐத் தொடும். அதே ராம், அதே அளவு தகவல், ஏறத்தாழ ஒன்பது மடங்கு நேரம்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். இரண்டு முகவரிகளை மாறி மாறி வாசித்து, ஒவ்வொரு முறையும் பதுக்கு நினைவகத்திலிருந்து அவற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் வாசிப்பு ராம் வரை போகவே போகாது.

```
for (i = 0; i < n; i++) {
    *p; *q;            // volatile char *p, *q
    _mm_clflush((void *)p);
    _mm_clflush((void *)q);
    _mm_mfence();
}
```

`p`-ஐ நிலையாக வைத்து `q`-ஐ மட்டும் ஒரு பெரிய நினைவகப் பரப்பில் நகர்த்துங்கள். பெரும்பாலான முகவரிகளுக்கு நேரம் ஏறத்தாழ ஒரே மாதிரி வரும். சிலவற்றுக்கு மட்டும் தெளிவாகக் கூடும். அந்த `q`, `p` இருக்கும் அதே பாங்க்கில் வேறொரு நிரையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே தராசு வரிசைக்காக ஒன்றையொன்று மூடித் திறந்துகொண்டிருக்கின்றன. கையில் கிடைக்கும் எண் 41 ஆக இருக்காது. புரோசசரிலிருந்து ராம் வரை போய்வரும் வழியும் வெளியேற்றும் கட்டளைகளின் நேரமும் அதில் சேர்ந்திருக்கும். பார்க்க வேண்டியது இரு கூட்டங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை.

இந்த அளவீட்டுக்கு ஒரு பழைய மேசைக்கணினி போதும். எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளுக்குக் கணினிக்கூடம் கட்டப் பணம் ஒதுக்கும்போது, கட்டடத்துக்கும் குளிரூட்டிக்கும் போவதில் ஒரு சிறு பங்கையாவது அளந்து பார்க்கும் பாடங்களுக்கு வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ராஸ், காஸ் என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கும், அந்த இரண்டு கூட்டங்களைத் தன் திரையில் கண்ட பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. அணியொன்றை நிரல்வழியாக ஓட்டினால் வேகம் குறைவது முழுவதற்கும் ரோ பஃபரைக் குற்றம் சொல்லக்கூடாது. 64 பைட் எடுத்து 4 பைட்டை மட்டும் பயன்படுத்துவதால் பதுக்கு நினைவகத்தில் வரும் நட்டம் பெரும்பாலும் இதைவிடப் பெரிது. நினைவகக் கட்டுப்படுத்தியும் சும்மா இருப்பதில்லை. காத்திருக்கும் கோரிக்கைகளில் திறந்த நிரைக்கு உரியவற்றை முன்னால் எடுக்கும். அடுத்தடுத்த முகவரிகளைப் பல பாங்க்குகளுக்குப் பங்கிட்டு, ஒன்று மூடித் திறக்கும் நேரத்தில் மற்றதை வேலை வாங்கும்.

சரி, அந்த மாணவியின் கடைக்காரருக்கு வருவோம். 22 என்பது துடிப்புகளின் எண்ணிக்கை, நேரமல்ல. DDR4-2400 ராமில் CL 17 என்று போட்டிருக்கும். ஆனால் அதன் ஒரு துடிப்பு 0.833 நானோசெக்கன், பெருக்கினால் 14.2 வரும். எண்ணில் சிறியது, நேரத்தில் இவருடைய 13.75-ஐவிடச் சற்றே கூடியது. CL 16 எழுதிய 3200 ராம்களும் இருக்கின்றன, அவை 10 நானோசெக்கன். ஆனால் அந்த வேகத்துக்கு வழக்கமாகக் கூடுதல் வோல்ற்றளவும் தாய்ப்பலகையின் அனுமதியும் வேண்டும், பல மடிக்கணினிகள் அதைத் தருவதில்லை. அவருடைய கணினியில் இரண்டாவது ராம் துளை காலியாக இருக்கிறதாம். அதே வகை 8 ஜிபி இன்னொன்றை அதில் போட்டால் பாங்க்குகள் 16-இலிருந்து 32 ஆகும். ஒரே நேரத்தில் 32 நிரைகளைத் திறந்து வைத்திருக்கலாம், மூன்று 22-களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய தடவைகளும் குறையும்.